தைராய்டு மாத்திரைத் தாளின் பொடி எழுத்து: போட்டோவிலிருந்து தலைப்போடு டெக்ஸ்ட் ஆக்க வழி உண்டா?

பெரம்பூர் சுதா

அம்மாவுக்கு 71 வயது. க்ளாக்கோமாவில் பார்வை கிட்டத்தட்டப் போய்விட்டது. போனில் டாக்பேக் போட்டுக்கொண்டு பேப்பர் முதல் வாட்ஸ்அப் வரை எல்லாவற்றையும் காதால்தான் படிக்கிறார். ரிட்டயர்டு டீச்சர். தான் விழுங்கும் மாத்திரையின் தாளைத் தானே படித்தாக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். "நீ சுருக்கிச் சொல்லாதே, அதில் என்ன போட்டிருக்கோ அதை அப்படியே கொடு" என்கிறார்.

மாத்திரை லெவோதைராக்சின். பாட்டிலோடு வந்த தாள் 28 செ.மீ. நீளம், இரண்டு பத்தி, இரண்டு பக்கமும் அச்சு, எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. மொத்தத் தாளையும் ஒரே போட்டோவாக எடுத்து, போனிலேயே எழுத்தைக் காப்பி செய்து பார்த்தேன். வந்த லட்சணம் இது:

```
INDICATIONS CONTRA-
Levothyroxine is used as re- INDICATIONS
placement therapy in primary Uncorrected adrenal insuffi-
```

எதற்கு இந்த மருந்து, எவ்வளவு அளவு, என்ன எச்சரிக்கை, இந்த மூன்று பகுதியும் தனித்தனித் தலைப்போடு கிடைத்தால் போதும். யாராவது செய்திருக்கிறீர்களா?

கோடு குமார்

சுலபமான வேலைதான் மேடம். போன் ஆப்பை விட்டுவிட்டு கம்ப்யூட்டரில் டெசராக்ட் போடுங்கள், படத்தில் இருக்கும் எழுத்தை டெக்ஸ்ட் ஆக்கித் தருகிற ஓசிஆர் மென்பொருள் அது. போட்டோவைக் கறுப்பு வெள்ளை ஆக்கி, 5×5 மீடியன் ஃபில்டர் கொடுத்தால் பின்பக்க எழுத்து தெரிகிற புள்ளி எல்லாம் சுத்தமாகப் போய்விடும். அப்புறம் `--psm 6`. தலைப்பு பிரிக்கிறது ஒரு விஷயமே இல்லை, `INDICATIONS` என்று தேடினால் அங்கே வெட்டிக்கொள்ளலாம். போட்டோவை அனுப்புங்கள், நானே ஓட்டித் தருகிறேன்.

நங்கநல்லூர் மாமி

சுதா, அம்மா காபி குடித்துவிட்டா மாத்திரை போடுகிறார்? அப்படிப் போட்டால் ஏறாது. என் ஓர்ப்படிக்கு டிஎஸ்எச் இறங்கவே இல்லை, கடைசியில் பார்த்தால் காபிதான் காரணம். வெறும் வயிற்றில் போட்டு அரை மணி கழித்துத்தான் எதுவும் சாப்பிட வேண்டும். கால்சியம் மாத்திரை இருந்தால் நாலு மணி நேரம் தள்ளி.

பெரம்பூர் சுதா

மாமி, மாத்திரை எல்லாம் ஒழுங்காகத்தான் போகிறது. தாளைப் படிக்க வைப்பதுதான் இப்போதைய பாடு. ஆனால் நீங்கள் சொன்ன நாலு மணி நேரக் கணக்கு அந்தத் தாளிலேயே இருக்கிறது. அம்மா அதைத் தானே படித்தால் எனக்கும் நிம்மதி.

அடையாறு வாசிப்பன்

பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்குப் பாடப் புத்தகங்களை டெக்ஸ்ட் ஆக்கித் தருகிற வேலையைப் பல வருஷமாகச் செய்கிறேன். மருந்துத் தாளும் நிறைய வந்திருக்கிறது. குமார் தம்பி சொன்னதில் டெசராக்ட் சரி, மற்ற இரண்டும் ஆபத்து.

முதலில் மீடியன் ஃபில்டர். மேடம், ஸ்கேலை வைத்துப் பத்து வரி எவ்வளவு உயரம் என்று அளந்து பாருங்கள். 25 மி.மீ. பக்கம் வந்தால் எழுத்து சுமார் 6 பாயின்ட். அந்த அளவில் சின்ன a, e எல்லாம் ஒரு மி.மீ. உயரம்தான். தசமப் புள்ளி கால் மி.மீ. இருக்கும். போன் எத்தனை மெகாபிக்சல் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் சாதாரணமாகச் சேமிப்பது 12 மெகாபிக்சல், அதாவது நீளவாக்கில் 4000 பிக்சல் புள்ளி. 28 செ.மீ. தாளை ஓரம் விட்டு ஒரே படத்தில் அடக்கினால் ஒரு மி.மீ.க்கு 13 புள்ளி கிடைக்கும். தசமப் புள்ளிக்கு மூன்றுக்கு மூன்று, ஆக ஒன்பது புள்ளி. 5×5 மீடியன் என்ன செய்கிறது? 25 புள்ளியைப் பார்த்து, அதில் 13 கறுப்பாக இருந்தால்தான் நடுவில் கறுப்பை விடும். ஒன்பதை வைத்துக்கொண்டு தசமப் புள்ளி எங்கே பிழைக்கும்? பின்பக்க அழுக்கோடு அதுவும் போய்விடும். 12.5 என்பது 125 ஆகிவிடும், யாருக்கும் சந்தேகமும் வராது.

படம் எடுக்கும்போதே சரி செய்துவிட்டால் ஃபில்டரே வேண்டாம். தாளுக்கு அடியில் கறுப்பு சார்ட் பேப்பரை வையுங்கள். பின்பக்க எழுத்து தெரிவதற்குக் காரணம், தாளை ஊடுருவிப் போன வெளிச்சம் அடியில் இருக்கும் வெள்ளையில் பட்டுத் திரும்புவது. கறுப்பு வைத்தால் அந்த வெளிச்சம் திரும்பாது. தாள் கொஞ்சம் சாம்பல் நிறமாகத் தெரியும், பரவாயில்லை. ஃபேனை நிறுத்துங்கள். ஜன்னலோரப் பகல் வெளிச்சம் போதும், ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். ஒரு பத்தியை இரண்டு துண்டாக, ஒவ்வொன்றும் 15 செ.மீ. வருகிற மாதிரி எடுங்கள். இரண்டுக்கும் பொதுவாக நாலைந்து வரி இருக்கட்டும். ஒரு மி.மீ.க்கு 26 புள்ளி கிடைத்துவிடும், தசமப் புள்ளியும் ஆறு புள்ளி அகலத்துக்கு வளர்ந்துவிடும். ரொம்பக் கிட்டே போய் மேக்ரோ போடாதீர்கள். பல போன்களில் அந்த மேக்ரோ கேமரா வெறும் 2 மெகாபிக்சல்தான்.

இரண்டாவது `--psm 6`. படத்தில் இருப்பது ஒரே பத்தி என்று அது நினைத்துக்கொள்ளும். இரண்டு பத்தித் தாளைக் கொடுத்தால் இடது வரியையும் வலது வரியையும் ஒட்டிவிடும். உங்களுக்குப் போன் ஆப் கொடுத்த குழப்பமும் இதே ஜாதிதான். ஒரு பத்தியை மட்டும் வெட்டிக் கொடுத்தால் அதே `--psm 6` நன்றாக வேலை செய்யும்.

கோடு குமார்

மீடியன் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை சார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மங்கலான படத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கினால் டெசராக்ட் நன்றாகப் படிக்கிறதே?

அடையாறு வாசிப்பன்

எழுத்தை நன்றாகப் படிக்கும், உண்மைதான். மூன்று புள்ளியில் மங்கிப்போன தசமத்தை ஆறு புள்ளி மங்கல் ஆக்கி என்ன பயன்? படத்தில் இல்லாததைப் பெரிதாக்க முடியாது.

தாம்பரம் ரவி

எனக்கு ருமட்டாய்டு. வாரம் ஒரு தடவை மெத்தோட்ரெக்சேட் போடுகிறேன். விரல் முட்டி வீங்கிவிட்டால் அந்தச் சின்னத் தாளை விரித்துப் பிடிக்கவே முடியாது, அதனால் நானும் போட்டோ எடுத்து டெக்ஸ்ட் ஆக்கி வைத்துக்கொண்டேன். ஒரு நாள் நிதானமாகப் படித்தால் 7.5 மி.கி. என்று இருக்கிறது, "வாரம் ஒரு முறை" என்கிற வார்த்தையைக் காணோம். தாளைத் திரும்ப விரித்துப் பார்த்தேன். சரியாக மடிப்பு விழுந்த இடத்தில் அந்த வரி. வரி பாதி நசுங்கியிருந்ததால் ஓசிஆர் அதைத் தாண்டிப் போய்விட்டது. இந்த மருந்தைத் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. எனக்கு விஷயம் தெரியும், அதனால் பிழைத்தேன்.

அடையாறு வாசிப்பன்

ரவி சொன்னது முக்கியம். எண்ணாவது தப்பாக வந்தால் கண்ணில் படலாம். காணாமல் போன வரி எப்படிப் படும்? தாளில் ஒரு பத்தியின் வரிகளை எண்ணுங்கள், டெக்ஸ்டிலும் எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் முதலில் மடிப்பைப் போய்ப் பாருங்கள். எடுக்கும் முன் ஒரு ராத்திரி தடிப் புத்தகத்துக்கு அடியில் வைத்தால் மடிப்பு பாதி போய்விடும்.

கோடு குமார்

நான் தெருமுனை இஸ்திரி வண்டியில் கொடுத்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் தாள் சலவைச் சட்டை மாதிரி வந்தது.

மருந்துக்கடை மூர்த்தி

சைதாப்பேட்டையில் கடை வைத்திருக்கிறேன். ஒன்றிரண்டு சொல்ல வேண்டும்.

12.5 என்பது 125 ஆவது பற்றி. லெவோதைராக்சினில் 12.5 மைக்ரோகிராம் மாத்திரையும் உண்டு, 125 மாத்திரையும் உண்டு. அதனால் எண் நம்புகிற மாதிரி இருக்கிறதா என்று பார்த்தால் பிடிபடாது, இரண்டும் நம்புகிற மாதிரிதான் இருக்கும். வயதானவர்களுக்கும் இதயக் கோளாறு உள்ளவர்களுக்கும் 12.5 முதல் 25 வரை ஆரம்பிப்பார்கள். அந்த வரியில் 125 என்று விழுந்தால் பத்து மடங்கு. `mcg` என்பதைக் கிரேக்க எழுத்து போட்டு `µg` என்று அச்சடித்திருந்தால் இன்னும் மோசம். அது `ug` ஆகும், `pg` ஆகும், சில சமயம் `mg` என்றே விழும். `mg` ஆனால் ஆயிரம் மடங்கு.

இன்னொன்று. இந்தத் தாள் டாக்டருக்காக எழுதினது. அளவுப் பகுதியில் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்று வரும். அம்மா தன் எடையை அதோடு பெருக்கிவிட்டு "டாக்டர் எனக்குக் குறைத்துக் கொடுக்கிறார்" என்று சண்டைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கு வேறு, அவருக்கு எழுதிக் கொடுத்த அளவு வேறு. தாளின் கடைசியில் திருத்திய தேதி பொடியாக இருக்கும், அதையும் டெக்ஸ்டில் முதல் வரியாகச் சேருங்கள். அடுத்த பாட்டிலில் வேறு தேதி வந்தால் திரும்பச் செய்ய வேண்டும் என்று தெரியும்.

பெரம்பூர் சுதா

மூர்த்தி சார், நீங்கள் என் அம்மாவை எங்கேயோ பார்த்திருக்கிறீர்கள்! பெருக்கிப் பார்ப்பார், நிச்சயமாக.

ஞாயிறு காலை ஜன்னலோரம் உட்கார்ந்து வாசிப்பன் சார் சொன்னபடி எடுத்தேன். பத்து வரி 24 மி.மீ. வந்தது. முன்பக்கம் மட்டும் இரண்டு பத்தி, பத்திக்கு இரண்டு படம். எல்லாவற்றையும் இரண்டாவது தடவை தனியாகவும் எடுத்து குமாருக்கு அனுப்பிவிட்டேன்.

கோடு குமார்

வந்துவிட்டது மேடம். இரண்டு தடவை எடுத்தது நல்லதாகப் போயிற்று. இரண்டையும் தனித்தனியாக ஓட்டி, எண்களை மட்டும் பிரித்து ஒப்பிட்டேன்:

```
tesseract p1.png a -l eng --psm 6
tesseract p2.png b -l eng --psm 6
grep -oE '[0-9]+(\.[0-9]+)?' a.txt > a.num
grep -oE '[0-9]+(\.[0-9]+)?' b.txt > b.num
diff a.num b.num
```

இடது பத்தியில் எல்லாம் ஒன்றுபோல வந்தன. வலது பத்தியின் கீழ்த்துண்டில் மட்டும் இது:

```
9c9
< 125
---
> 12.5
```

முதல் படத்தில் அந்த மூலையில் கை நடுங்கியிருக்கிறது போல, பெரிதாக்கிப் பார்த்தால் புள்ளி சாம்பல் தீற்றலாக இருக்கிறது. இரண்டாவதில் உருண்டையாகத் தெரிகிறது. தாளில் எது என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பெரம்பூர் சுதா

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். 12.5தான்.

அடையாறு வாசிப்பன்

நல்ல முறை. ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். இரண்டு படமும் ஒரே மாதிரி தப்பாகப் படித்தால் `diff` வாயே திறக்காது. அளவுப் பகுதியில் இருக்கும் எண்களை ஒவ்வொன்றாகத் தாளோடு வைத்துப் பார்ப்பதை விடக்கூடாது. ஒருவர் தாளைப் பார்த்துச் சத்தமாகச் சொல்ல, இன்னொருவர் டெக்ஸ்டில் விரல் வைத்துப் போனால் பத்து நிமிஷ வேலை.

கோடு குமார்

தலைப்பு பிரிக்கிற இடத்தில் நன்றாக மாட்டிக்கொண்டேன், சொல்லிவிடுகிறேன். `INDICATIONS` தேடி வெட்டச் சொன்னேன் அல்லவா? `CONTRAINDICATIONS` என்ற வார்த்தைக்குள்ளேயே அது உட்கார்ந்திருக்கிறது. "யாருக்குக் கொடுக்கவே கூடாது" என்ற பகுதி அப்படியே "எதற்கு இந்த மருந்து" என்ற தலைப்பின் கீழ் போய் உட்கார்ந்தது! சரி, வரியின் ஆரம்பத்தில் வந்தால் மட்டும் என்று `^INDICATIONS` போட்டேன். அதுவும் ஏமாற்றியது, ஏனென்றால் தாளில் அந்தத் தலைப்பு ஒடிந்து `CONTRA-` ஒரு வரி, `INDICATIONS` அடுத்த வரி. கடைசியில் ஒடிந்த வார்த்தைகளை முதலில் ஒட்டிவிட்டு அப்புறம் தேடினேன்:

```
sed -z 's/-\n//g' a.txt > c.txt
```

இப்போது மூன்று பகுதியும் சரியான இடத்தில் இருக்கின்றன. மேடம், ஃபைல் அனுப்பியிருக்கிறேன்.

காதால் படிப்பவன்

நான் பிறவியிலேயே பார்வையற்றவன். கம்ப்யூட்டரில் என்விடிஏ, போனில் டாக்பேக். சுதா மேடம், வெறும் டெக்ஸ்ட் ஃபைலில் பெரிய எழுத்தில் தலைப்பு போட்டால் அது உங்கள் கண்ணுக்குத்தான் தலைப்பு. என் காதுக்கு அது இன்னொரு வரி, அவ்வளவுதான். தலைப்புக்குத் தலைப்பு தாவ வேண்டுமானால் `.html` ஆகச் சேமித்து ஒவ்வொரு தலைப்பையும் `<h2>` ஆக்குங்கள். ப்ரவுசரில் திறந்தால் அம்மா டாக்பேக்கில் தலைப்புகளைத் தேர்ந்தெடுத்து நேராக எச்சரிக்கைக்குப் போகலாம்.

அம்மா வாட்ஸ்அப்பிலேயே பழகியவர் என்றால் இன்னொரு குறுக்கு வழி. ஒரு பகுதிக்கு ஒரு செய்தி, முதல் வார்த்தை தலைப்பு. செய்திக்குச் செய்தி விரலால் தள்ளினாலே தலைப்புக்குத் தலைப்பு தாவின மாதிரி. ரொம்ப நீளமாகப் போனால் வாட்ஸ்அப் மடித்து வைத்துவிடும், அதனால் எச்சரிக்கையை இரண்டாக உடையுங்கள்.

பெரம்பூர் சுதா

வாட்ஸ்அப்பில்தான் அனுப்பினேன், நாலு செய்தியாக. அம்மா மத்தியானம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முதல் செய்தி முடிந்தது. இரண்டாவதின் நடுவில் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். "அளவை மாற்றுவதற்கு 46 வாரம் பொறுக்கணுமா? கிட்டத்தட்ட ஒரு வருஷம். எனக்கு ஆறு வாரத்திலேயே ரத்தம் எடுக்கச் சொன்னாரே?"

தாளைப் பார்த்தேன். 4-6 வாரம் என்றுதான் இருக்கிறது. 4க்கு அப்புறம் கோடு, அங்கே வரி முடிகிறது, அடுத்த வரியில் 6. குமார்?

கோடு குமார்

ஐயோ. என் தப்புதான். ஒடிந்த வார்த்தையை ஒட்டுகிறேன் என்று வரிக்கடைசியில் இருந்த கோட்டை எல்லாம் விழுங்கிவிட்டேன். எண்ணுக்கு நடுவில் இருந்த கோடும் அதில் போய்விட்டது. எண்களை ஒப்பிட்டது ஒட்டுவதற்கு முன்னால், அப்போது 4ம் 6ம் தனித்தனியாகச் சரியாகத்தான் இருந்தன. இரண்டு பக்கமும் எழுத்தாக இருந்தால் மட்டும் ஒட்டச் சொல்லி மாற்றிவிட்டேன்:

```
sed -Ez 's/([A-Za-z])-\n([A-Za-z])/\1\2/g' a.txt > c.txt
```

புது ஃபைல் அனுப்புகிறேன். இந்தத் தடவை எண்களை `c.txt`இலிருந்து எடுத்துத் தாளோடு ஒப்பிடுங்கள். டீச்சர் அம்மாவுக்கு என் வணக்கம்.

மருந்துக்கடை மூர்த்தி

டீச்சர் பிடித்துவிட்டார்! தெரிந்த மருந்து என்பதால் காதுக்கு உறுத்தியது. புதிதாக ஆரம்பித்த மருந்தாக இருந்தால் 46ஐயும் நம்பியிருப்பார்.

காதால் படிப்பவன்

கோடு திரும்பி வந்தாலும் பிரச்சினை முழுசாகத் தீராது. பல குரல்கள் கோட்டைப் படிக்காமல் "ஃபோர் சிக்ஸ் வீக்ஸ்" என்று ஓட்டிவிடும். `4 to 6` என்று வார்த்தையாகவே எழுதுங்கள். `mcg`ஐயும் விரித்து `micrograms` என்று போடுங்கள்.

அடையாறு வாசிப்பன்

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. தாளில் இருப்பது இருக்கிறபடி வர வேண்டும். இன்று ஒரு கோட்டை மாற்றுவோம், நாளைக்கு வேறு யாரோ `mg`ஐயும் `micrograms` என்று விரிப்பார்கள். எது தாள், எது நம் கை என்று அப்புறம் தெரியாது.

காதால் படிப்பவன்

சார், தாளில் இருக்கிறபடி உங்கள் கண்ணுக்கு வரும். காதுக்கு 46 வரும். எது தாளுக்கு உண்மை?

மருந்துக்கடை மூர்த்தி

நான் வாசிப்பன் சார் பக்கம் பாதி. கோட்டை மாற்றலாம். அலகை விரிப்பதென்றால் மருந்து தெரிந்த ஒருவர் பார்த்த பிறகுதான்.

பெரம்பூர் சுதா

அம்மாவிடமே கேட்டேன். "`to` போடு, ஆனால் நீ கை வைத்த இடம் எனக்குத் தெரியணும்" என்றார். அதனால் முன்பக்கத்தில் மாற்றிய இடங்களை மட்டும் கடைசியில் ஐந்தாவது செய்தியாக அனுப்பிவிட்டேன். அலகை அப்படியே விட்டிருக்கிறேன்.

பின்பக்கம் இன்னும் பாக்கி. அதில் ஒரு கட்டம் போட்ட பட்டியல் இருக்கிறது, நாலு வரிசை. டெசராக்ட் கோடுகளை எல்லாம் `|` என்றும் `l` என்றும் படித்து வைத்திருக்கிறது. அதைக் கையாலேயே தட்டச்சு செய்துவிடலாமா, இல்லை குமார் பார்க்கிறாயா?

கோடு குமார்

நாலு வரிசைதானே மேடம், கையாலேயே அடித்துவிடுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே இருக்கும் தலைப்பை வரிக்கு வரி திரும்பச் சொல்லி எழுதுங்கள், இல்லாவிட்டால் எந்த எண் எந்த நெடுவரிசை என்று காதுக்குத் தெரியாது. நான் இன்றைக்கு எந்தக் கோட்டையும் தொடுவதாக இல்லை.